பூவரசங்கேணிக் கூட்டத்துக்கான அழைப்பு

கேதீஸ்வரி அலுவலகத்துக்குத் திரும்பி வந்த நாளில் எவரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. மேசையில் தூசி படிந்திருந்தது. துடைத்தாள். மின்விசிறியைப் போட்டாள். வந்திருந்த கடிதங்களைத் திகதிப்படி அடுக்கினாள். பக்கத்து மேசைக்காரி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். தேநீர் ஆறிய பிறகு கேதீஸ்வரி அதை எடுத்துப் போய் வெளியே ஊற்றினாள்.

களுவாஞ்சிக்குடிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம்தான் அவளுடைய வீடு இருந்தது. கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சந்தைக்குப் போயிருந்தாள். கணவன் தவராசாவும் ஆறு வயது மகள் தக்ஷாயினியும் வீட்டில் இருந்தார்கள். தவராசாவின் உடல் தென்னந்தோப்புக்குள் கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை.

அடையாளம் தெரியாத உடல்களை அடக்கம் செய்வதற்கு முன் ஆஸ்பத்திரியில் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. அந்தப் படங்களை எங்கே, எப்போது மக்களுக்குக் காட்டுவது என்று பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். கேதீஸ்வரி உத்தியோகத்தராக அல்ல, தாயாக மண்டபத்துக்கு வெளியே மற்றவர்களோடு நின்றாள். உள்ளே போனவர்கள் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். அழைப்பில் 'அனர்த்தம் தொடர்பான அவசரக் கூட்டம்' என்று மட்டுமே இருந்ததாம். படங்களைக் கொண்டுவரச் சொல்லி எவரும் சொல்லவில்லை என்றார் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர். பொலிஸ் தரப்பில் வந்தவர் தன்னால் எதுவும் சொல்ல முடியாது, பெரியவரைக் கேட்க வேண்டும் என்றார். இன்னொரு நாள் கூடுவதாக முடிவாயிற்று. அந்த இன்னொரு நாள் வந்தபோது படங்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டுவிட்டன. அதன் பிறகு அவை எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை.

கேதீஸ்வரி அதைப் பற்றி ஒருவரிடமும் பேசியதில்லை. கோபப்பட்டதாகவும் சொல்ல முடியாது. மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல நின்றாள். பிறகு பஸ் ஏறிச் சகோதரி வீட்டுக்குப் போனாள். அழுகை வரவில்லை. அது வராததைப் பற்றியும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டே இடமாற்றம் கேட்டு எழுதினாள். கடல் தெரியாத இடமாக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. எங்கே வெற்றிடம் இருக்கிறதோ அங்கே என்றுதான் எழுதினாள். மட்டக்களப்பு வாவியின் வடக்குப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராகப் போட்டார்கள். அங்கே போவதற்கு எவரும் விரும்பாத காலம் அது. அவள் போய் ஒரு வருடம் முடிவதற்குள் சண்டை மூண்டது. பனிச்சங்கேணிப் பக்கத்துச் சனமெல்லாம் காடும் களப்பென்னும் உப்பேரியும் கடந்து தெற்கே ஓடிவந்தார்கள். செயலகமும் அவர்களோடு இடம்பெயர்ந்து, ஒரு பாடசாலையின் விறாந்தையில் மேசை போட்டு இயங்கியது. கேதீஸ்வரி முகாம்களுக்கான அரிசி, தறப்பாள், பால்மா விவரங்களைத் தட்டச்சு செய்தாள். ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை. 'அந்தப் பிள்ளை கல்லுமாதிரி' என்று சிலர் சொன்னார்கள். அது அவளுடைய காதிலும் விழுந்தது.

இரண்டாயிரத்து ஏழு நடுவில் சனங்களை பஸ்களில் ஏற்றிக் கொண்டுபோய் ஊர்களில் இறக்கினார்கள். பனிச்சங்கேணிக்கு அப்பால் களப்பு ஓரம் உள்ள பூவரசங்கேணியும் அப்படித்தான் திரும்பக் குடியேறியது. சில குடும்பங்களுக்குத் தறப்பாள் கூடாரம் கிடைத்தது. கிடைக்காதவர்கள் பாடசாலைக் கட்டடத்துக்குள் தங்கினார்கள். அதனால் பாடசாலை திறக்கவில்லை. பிள்ளைகள் பகல் முழுக்க களப்புக் கரையில் றால் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

இதற்காகக் கூட்டங்கள் நடந்துகொண்டேயிருந்தன. 'பூவரசங்கேணி மீள்குடியேற்றம் தொடர்பான கலந்துரையாடல்' என்று அழைப்புப் போகும். முப்பது பேரளவில் வருவார்கள். ஒவ்வொருவரும் தங்கள் நிறுவனம் செய்ததை வாசிப்பார்கள். பாடசாலை பற்றிப் பேச்சு வரும்போது கடிகாரம் ஒரு மணியைத் தாண்டியிருக்கும். கூட்ட அறிக்கை எழுதுவது கேதீஸ்வரியின் வேலை.

ஒரு நாள் மூன்று கூட்டங்களின் அறிக்கைகளை ஒரே கோப்பில் போடும்போது, மூன்றிலும் ஒரே வரிகள் இருப்பதைக் கண்டாள். மிதிவெடி அகற்றியதற்கான சான்றிதழ் வந்தால் பாடசாலையைத் திறக்கலாம் என்று கல்வி அலுவலகம் சொல்லியிருந்தது. கட்டடத்தில் ஆட்கள் இருக்கும்வரை பாடசாலை வளவில் வெடி அகற்றி முடிக்க ஏலாது என்று மிதிவெடி அகற்றும் நிறுவனம் சொல்லியிருந்தது. ஆட்களுக்குக் கொட்டில் போட எந்த நிலம் மிதிவெடி இல்லாமல் துப்புரவானது என்று தெரியவேண்டும் என்று வீடமைப்பு நிறுவனம் சொல்லியிருந்தது. ஆசிரியர்கள் பாலத்தடிச் சோதனைச் சாவடியைக் கடந்து போவதற்கு யாராவது எழுத்தில் கேட்டால் பார்க்கலாம் என்று இராணுவத்தின் இணைப்பு அதிகாரி சொல்லியிருந்தார். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வாசித்து முடித்ததும் அவள் கோப்பைக் கட்டி எடுத்துக்கொண்டு பிரதேச செயலாளர் நல்லரத்தினத்தின் அறைக்குப் போனாள்.

அடுத்த கூட்டத்துக்கான அழைப்பைத் தான் வேறு மாதிரி எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டாள். நல்லரத்தினம் ஓய்வுக்குக் கிட்டிய மனிதர்; இரவில் சரியாகத் தூங்காதவர் என்பது கண்ணிலேயே தெரியும். எப்படி என்று கேட்டார். எதற்காகக் கூடுகிறோம், வருபவர் எதை ஆயத்தம் செய்துகொண்டு வரவேண்டும், அவர் அன்றைக்கு எதை முடிவாகச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் எழுதப்போகிறேன் என்றாள். எழுதிக் கொண்டு வாங்க, பார்ப்பம் என்றார்.

முதலில் எழுதிய தாளை அவளே கிழித்துப்போட்டாள். 'பாடசாலையைத் திறப்பது தொடர்பாக' என்று நோக்கத்தை எழுதியிருந்தாள். தொடர்பாக என்றால் என்ன வேண்டுமானாலும் பேசலாம். இரண்டாவது தாளில் இப்படி எழுதினாள்:

'நோக்கம்: பூவரசங்கேணிப் பாடசாலையை மூன்றாம் தவணைக்கு அதன் சொந்தக் கட்டடத்தில் திறக்கலாமா, முடியாதெனில் பிள்ளைகள் எங்கே படிப்பது என்பதை அன்றே தீர்மானித்தல். வேறு விடயங்கள் எடுத்துக்கொள்ளப்படமாட்டா. முன்னேற்ற அறிக்கைகள் வாசிக்கப்படமாட்டா. இதுவரை நடந்தவற்றின் சுருக்கம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, வாசித்துவிட்டு வரவும்.'

அதற்குக் கீழே வருபவர்களின் பதவிகளை எழுதத் தொடங்கியபோது முப்பது பேருக்கும் எழுத முடியவில்லை. முடிவு சொல்லவேண்டியவர்கள் ஐந்து பேர்தான். மற்றவர்களுக்குக் கூட்ட அறிக்கை அனுப்பினால் போதும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

பிறகு தொலைபேசியை எடுத்தாள். தான் எழுதப்போகும் கேள்விக்கு விடை சொல்லும் அதிகாரம் அந்த ஆளிடம் இருக்கிறதா என்று தெரியாமல் கேள்வியை அனுப்புவதில் பயனில்லை. மிதிவெடி நிறுவனத்தில் இருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து போகும் இளைஞன், சான்றிதழ் விடயம் தன் கையில் இல்லை, அதைச் சொல்லக்கூடியவர் மட்டக்களப்பில் இருக்கும் கள முகாமையாளர் ஜெயந்தன்தான் என்றான். அதை இத்தனை நாளும் அவனிடம் எவரும் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. கேதீஸ்வரி பெயரை மாற்றி எழுதினாள்.

வலயக் கல்வி அலுவலகத்தில் உதவிக் கல்விப் பணிப்பாளர் றஸீனாவிடம் பேசினாள். சான்றிதழ் கிடைக்கவில்லை என்றால் வேறு இடத்தில் வகுப்பு நடத்த அனுமதிக்க முடியுமா என்பதைத் தன்னால் சொல்லமுடியும், ஆனால் பணிப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்றார். அதையும் அவருடைய ஆயத்தமாகச் சேர்த்தாள். அப்படி வாங்குவதற்கு ஒரு கிழமை வேண்டும் என்றதால் கூட்டத்தின் திகதியைத் தள்ளி வைத்தாள்.

நல்லரத்தினம் வரைவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ், ஆமிக்காரருக்கும் நீங்க இந்த முடிவச் சொல்லோணும் எண்டு எழுதுறதா?"

"அவர்தான் சேர் அதச் சொல்லோணும். வேற ஆர் சொல்லுற?"

"எனக்கு மேலிடத்தில இருந்து கதை வரும்."

"எழுதாம விட்டா அவர் வந்து இருந்திட்டுப் போவார், சேர். இவ்வளவு நாளும் அப்பிடித்தானே."

அவள் வாதாடுகிற குரலில் சொல்லவில்லை. இன்று வியாழக்கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னாள். நல்லரத்தினம் பேனாவை எடுத்தார். 'முடிவு' என்ற சொல்லுக்கு முன்னால் 'தயவுடன் எதிர்பார்க்கப்படும்' என்று சேர்த்தார். இணைப்பு அதிகாரிக்கான கேள்வியை அவள் அப்படியே வைத்திருந்தாள்: 'பெயர் தரப்படும் ஆசிரியர்கள் தவணை முடியும்வரை நாளாந்தம் அனுமதி கேட்காமல் சாவடியைக் கடக்கலாமா?' அதை அவர் தொடவில்லை. ஒப்பமிட்டார். அதிகாரிக்குப் போகும் பிரதியைச் சிங்களத்தில் மொழிபெயர்க்க வேறு பிரிவுக்குக் கொடுத்தார்கள். நேரில் வர இயலாவிட்டால் முடிவு சொல்லும் அதிகாரத்தை எழுத்தில் பெற்ற ஒருவரை அனுப்பவும் என்ற வரி கடைசியில் இருந்தது.

ஐந்தாவது ஆள் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் கதிர்காமத்தம்பி. முன்பெல்லாம் ஊர்ச் சனத்தின் சார்பில் அவர் வந்து பின்வரிசையில் இருப்பார். கடைசியில் 'ஊரவர்களுக்கு ஏதும் சொல்ல இருக்கிறதா' என்று கேட்பார்கள். இந்த அழைப்பில் அவருக்கும் ஒரு ஆயத்தமும் ஒரு கேள்வியும் இருந்தன. கட்டடத்தில் இருக்கும் குடும்பங்களைக் கூட்டிப் பேசிவிட்டு வரவேண்டும். கொட்டில் போட்டுத் தந்தால் எந்தத் திகதிக்குள் வெளியேறுவார்கள் என்று சொல்லவேண்டும். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்பதால் கிராம அலுவலர் வாசித்துக் காட்டியிருக்கிறார். இரண்டாம் நாள் கதிர்காமத்தம்பியே செயலகத்துக்கு வந்துவிட்டார். கையில் அழைப்பு நான்காக மடிக்கப்பட்டு இருந்தது.

"புள்ள, இது என்னட்டயா கேட்டிரிக்கு?"

"ஓம் ஐயா. உங்களிட்டத்தான்."

"நான் ஓம் எண்டு சொல்லி, பிறகு கொட்டில் வராட்டி? சனம் என்னத்தான் ஏசும்."

கொட்டில் எப்போது வரும் என்ற கேள்வி வீடமைப்புக்காரருக்கும் போயிருக்கிறது, அவர் விடை சொன்ன பிறகுதான் உங்களைக் கேட்போம், கேட்கும் ஒழுங்கும் அதில் எழுதியிருக்கிறது என்று அவள் காட்டினாள். அவர் தாளை மறுபடி நான்காக மடித்தார். பிறகு, பேசிப்போட்டு வாறன் என்று எழுந்தார். போகும்போது, பாடசாலைக்குப் பின்னால் மிதிவெடிக்காரர் கட்டியிருந்த சிவப்பு நாடாவைச் சனம் அறுத்துக் கூடாரத்துக்குக் கட்டிவிட்டார்கள், இப்போது விறகுக்கு அந்தப் பக்கம்தான் போகிறார்கள் என்று சும்மா சொன்னார். கேதீஸ்வரி அவரை நிறுத்தி இருக்கச் சொன்னாள். ஜெயந்தனுக்குத் தொலைபேசி எடுத்தாள். கூட்டம்வரை வைத்திருக்கும் விடயம் அல்ல அது. மறுநாள் காலை ஆட்கள் போய்க் கம்பு நட்டு, புதிய நாடா கட்டி, மண்டையோட்டுப் பலகைகள் வைத்தார்கள். வீடு வீடாகவும் சொல்லிவிட்டு வந்தார்கள்.

அழைக்கப்படாதவர்களில் சிலர் மனம் நொந்தார்கள். ஒரு நிறுவனத்துக்காரர் நேரில் வந்து, எங்களை ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்டார். இந்தக் கூட்டத்தில் உங்களிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, அறிக்கை வரும் என்றாள். அவர் நல்லரத்தினத்திடம் போய்க் குறை சொன்னார். நல்லரத்தினம் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

கூட்டத்தன்று மேசையைச் சுற்றி ஆறு கதிரைகள் போட்டாள். ஜெயந்தன் வரைபடத்தைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். வீடமைப்பு நிறுவனத்தின் பொறியியலாளர் நௌஷாட், ஓட்டமாவடிக் களஞ்சியத்தில் இருக்கும் தகரத்தினதும் மரத்தினதும் கணக்கைக் கொண்டுவந்திருந்தார். றஸீனாவிடம் பணிப்பாளரின் கடிதம் இருந்தது. இணைப்பு அதிகாரி வரவில்லை. பதிலாக ஒரு இளம் லெப்டினன்ட் வந்தார். அவரிடம் ஒப்பமிட்ட ஒரு கடிதம் இருந்தது. நல்லரத்தினம் அதை வாங்கி வாசித்துவிட்டுக் கேதீஸ்வரியைப் பார்த்தார்.

முதல் கேள்வி ஜெயந்தனுக்கு. அவர் வரைபடத்தை விரித்தார். கட்டடமும் முன் வளவும் துப்புரவு. பின் வளவு இன்னும் துப்புரவாகவில்லை. கிணறும் மலசலகூடமும் பின் வளவில்தான் இருக்கின்றன. மழைக்கு முன் முடிக்க முடியுமா என்று நல்லரத்தினம் கேட்டார்.

"ஏலாது சேர்," என்றார் ஜெயந்தன். "மழை முடிஞ்சு, மண் காய்ஞ்சாப் பிறகுதான். இந்த வருசம் நான் ஒப்பம் வைக்க மாட்டன்."

இத்தனை கூட்டங்களிலும் ஒருவரும் சொல்லாத விடை அது. கதிர்காமத்தம்பி வரைபடத்தில் பின் வளவைக் குறித்திருந்த சிவப்புக் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். 'இயலாது' என்பதை எழுதும்போது கேதீஸ்வரியின் பேனா ஒரு இடத்தில் நின்றது. பிறகு தொடர்ந்து எழுதினாள்.

அதற்குப் பிறகு மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முடியாது என்பது தெரிந்துவிட்டதால் அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேச எதுவும் இருக்கவில்லை. துப்புரவான இடம் எது என்று நௌஷாட் கேட்டார். பிள்ளையார் கோயில் வெளியை ஜெயந்தன் காட்டினார். அங்கே கிணறும் இருந்தது. அங்கே வகுப்புக் கொட்டில் போட்டால் நான் ஏற்கிறேன், மூன்று ஆசிரியர்களை அனுப்புகிறேன் என்றார் றஸீனா. குடும்பங்களுக்குக் கொட்டில் போட எடுத்த மரத்தில் ஒரு பங்கை வகுப்புக்குத் தந்தால் வீடுகள் பிந்தும் என்று நௌஷாட் சொன்னார். எது முதலில் என்பதை ஊரவர்தான் சொல்லவேண்டும் என்று நல்லரத்தினம் கதிர்காமத்தம்பியைப் பார்த்தார்.

"சனத்தோட கதைச்சிட்டுத்தான் வந்திரிக்கன்," என்றார் கதிர்காமத்தம்பி. "எங்கட வீடு பிந்தினாலும் காரியமில்ல. புள்ளையள் களப்புக்க திரியுறத முதல்ல நிப்பாட்டுங்க."

லெப்டினன்ட் ஆசிரியர்களின் பெயர்களைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, தவணை முடியும்வரை அனுமதி உண்டு என்று சிங்களத்தில் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு முன் கூட்டம் முடிந்துவிட்டது. பார்சல் சாப்பாடு இன்னும் வந்து சேரவில்லை. எல்லோரும் எழுந்து, என்ன செய்வது என்று தெரியாதவர்கள்போலச் சற்று நேரம் நின்றார்கள். நௌஷாட் மட்டும் கேதீஸ்வரியின் மேசைக்கு வந்து அந்த அழைப்பின் ஒரு பிரதியைத் தரமுடியுமா என்று கேட்டார். கொடுத்தாள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். தலையாட்டினாள்.

கோயில் வெளியில் கொட்டில் எழுந்தது. தவணை தொடங்கிப் பத்துப் பதினைந்து நாள் பிந்தித்தான் வகுப்பு ஆரம்பமாயிற்று. தகரம் ஏற்றிய லொறி ஒரு சாவடியில் மறிபட்டுவிட்டது. திறந்த நாளில் றஸீனா கட்டாயம் வரச்சொல்லி ஆள் அனுப்பியதால் கேதீஸ்வரி போனாள். பின்னால் ஒரு மர வாங்கில் இருந்தாள். பிள்ளைகள் தேவாரம் படித்தார்கள். முன் வரிசையில் அவளுடைய மகளின் வயதில், இல்லை, மகளுக்கு இப்போது இருந்திருக்கக்கூடிய வயதில் சிறுமிகள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தால் ஏதாவது ஆகும் என்று வரும்போது பஸ்ஸில் நினைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. தகரத்தில் வெயில் விழுந்து கொட்டில் கொதித்தது. ஒரு சிறுமி சர்பத் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தாள், இன்னொன்று தருவாயா என்று கேட்டாள். சிறுமி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். தாகமாக இருந்ததை அவள் அப்போதுதான் அறிந்தாள்.

மழை முடிந்து, கட்டடத்தில் இருந்த குடும்பங்களும் கொட்டில்களுக்கு மாறிய பிறகு, அடுத்த ஆண்டு நடுவில் ஜெயந்தன் பின் வளவுக்குச் சான்றிதழ் கொடுத்தார். அங்கிருந்து எடுத்தவற்றைப் பற்றி அவர் கூட்டத்தில் விவரமாகச் சொல்லவில்லை. எடுத்தோம் என்று மட்டும் சொன்னார். பாடசாலை சொந்தக் கட்டடத்துக்குத் திரும்பியது. கொட்டிலில் பிறகு பாலர் வகுப்பு நடந்தது.

அவளுடைய அழைப்பின் அமைப்பு வேறு அலுவலகங்களுக்கும் போயிற்று. பலர் தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 'எதிர்பார்க்கப்படும் முடிவு: கலந்துகொண்டு சிறப்பித்தல்' என்று ஒரு அழைப்பு ஒருமுறை அவளுடைய மேசைக்கே வந்தது. அவள் அதைக் கோப்பில் போட்டாள்.

வடக்கே யுத்தம் முடிந்ததாக வானொலி சொன்ன அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். அலுவலகத்தில் ஒருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. சிலருக்கு வன்னியில் உறவுகள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. நல்லரத்தினம் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புதிய பிரதேச செயலாளர், கொண்டாட்டத்துக்கு வரச்சொல்லி எல்லோருக்கும் ஒரு அழைப்பு அடிக்கவேண்டும் என்றார். நோக்கம் என்ன சேர் என்று கேதீஸ்வரி கேட்டாள். அவர் சற்றுத் திகைத்து, சும்மா போடுங்க, எல்லாரும் வரோணும் எண்டு, என்றார். அவள் அப்படியே அடித்தாள். திகதி, நேரம், இடம். மூன்று வரியில் முடிந்துவிட்டது. பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். சகோதரி கட்டிக் கொடுத்த சோறும் மீன்குழம்பும் இருந்தன. வெளியே வெடிச் சத்தம் ஓயவில்லை. இந்த அலுவலகத்தின் பக்கத்து மேசைக்காரி, வன்னியில் தம்பி இருப்பவள், சாப்பிடாமல் இருந்தாள். கேதீஸ்வரி தன் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். இருவரும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள்.